பெயர் நிற்க ஒரு வீடியோ, போத்தல் போக ஒரு வீடியோ

கேள்வி: வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்திலை நானும் இன்னும் நாலு பெண்களும் சேர்ந்து செக்கிலை நல்லெண்ணெய் ஆட்டி விக்கிறம். 750 மில்லி போத்தல், சிவப்பு மூடி, 1,800 ரூபா. ஒரு வீடியோ எடுத்துப் பேஸ்புக்கிலை போட்டம். 2 நிமிசம் 40 செக்கன். ட்ரோனிலை இரணைமடுக் குளம், இடம்பெயர்ந்து திரும்பி வந்த கதை, செக்கு, எண்ணெயின்ரை நன்மைகள், கடைசியிலை எங்கடை பெயர், விலை, மூண்டு போன் நம்பர். நாப்பதாயிரம் பேருக்கு மேலை பாத்திருக்கினம். வந்த ஓடர் பதினொண்டு. எடுத்துத் தந்த தம்பி "இது பிராண்ட் வீடியோ அக்கா, விற்பனை வீடியோ வேறை" எண்டு சொல்லுறார். அப்பிடி என்ன வித்தியாசம்? வசனம், நீளம், முடிவு எல்லாம் மாற வேணுமோ? ரெண்டு தரம் எடுக்க எங்களிட்டைக் காசும் இல்லை.
— ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்:

அந்தத் தம்பி சொன்னது பாதி சரி. இரண்டும் வேறு வேறுதான். ஆனால் உங்களிடம் இருப்பது பிராண்ட் வீடியோவும் அல்ல. பெயர் கடைசியில்தான் வருகிறது என்றால், நடுவில் விலகிப் போன அத்தனை பேருக்கும் அது பெயரில்லாத எண்ணெய். விலையும் கடைசியில்தான் வருகிறது என்பதால் விற்பனை வீடியோவாகவும் அது வேலை செய்யவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறது, அதனால் பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த வீடியோவின் புள்ளிவிபரப் பக்கத்தைத் திறந்து இரண்டே விடயங்களைப் பாருங்கள். ஒன்று, பார்த்தவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது. இரணைமடுவும் திரும்பி வந்த கதையும் இருக்கிற வீடியோவைக் கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் கண் கலங்கப் பார்ப்பார்கள், பகிர்வார்கள். ஆனால் அவர்கள் வீட்டு வாசலுக்கு உங்கள் போத்தல் போகாது. நாற்பதாயிரத்தில் பெரும்பகுதி அவர்கள் என்றால், பதினொரு ஓடர் குறைவான எண்ணிக்கையே இல்லை. மற்றது, எத்தனையாவது செக்கனில் ஆட்கள் விலகுகிறார்கள் என்று காட்டும் கோடு. அந்தக் கோடு விலை வருவதற்கு முன்பே தரையைத் தொட்டிருந்தால், விலை கூடவா குறைவா என்று நீங்கள் மண்டையை உடைக்கத் தேவையில்லை. விலையை யாரும் பார்க்கவே இல்லை.

இனி வித்தியாசத்துக்கு வருவோம். இதை வசனத்திலிருந்து தொடங்கினால் குழம்பும். முடிவிலிருந்து தொடங்குங்கள். வீடியோ முடிந்த அடுத்த நிமிடம் பார்த்தவர் என்ன செய்ய வேண்டும்? விற்பனை வீடியோ என்றால் அவருடைய விரல் அசைய வேண்டும். பட்டனை அழுத்த வேண்டும், இல்லையென்றால் நம்பரை எடுக்க வேண்டும். பிராண்ட் வீடியோ என்றால் அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். அடுத்த வீடியோவுக்குப் போகட்டும். மூன்று மாதம் கழித்து நல்லெண்ணெய் வாங்க வேண்டி வருகிற அன்று, கடையில் பத்துப் போத்தல் நிற்கிற இடத்தில் அந்தச் சிவப்பு மூடி அவர் கண்ணில் பட வேண்டும். முன்னதில் கேட்பது இன்றைய ஒரு செயலை, பின்னதில் கேட்பது பிறகு வரப்போகிற ஒரு ஞாபகத்தை. வசனமும் நீளமும் இந்த முடிவைத் தேடி வருகிறவைதான்.

விற்பனை வீடியோவை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு இப்போது காசு தேவைப்படுவது அங்கேதான்.

முகம் தெரியாத ஒருவர், வெள்ளவத்தையிலோ வவுனியாவிலோ இருப்பவர், உங்களுக்கு 1,800 ரூபா தருவதற்கு முன் மனதுக்குள் சில கேள்விகள் கேட்பார். கடை எண்ணெயை விட ஏன் இந்த விலை? கலப்படம் இல்லை என்று எப்படி நம்புவது? அடியில் மண்டி நிற்கிறதே, பழுதோ? கூரியரில் ஒழுகாதா? காசை முதலே போட வேண்டுமா? விற்பனை வீடியோவின் வசனம் என்பது இந்தக் கேள்விகளுக்கான பதில், அவர் கேட்கிற ஒழுங்கிலேயே. இதில் இல்லாத எதுவும் அதற்குள் வரக்கூடாது. குளமும் வேண்டாம், பின்னணிப் பாட்டும் வேண்டாம்.

விலைக்கான பதிலை வாயால் சொல்வதை விடக் கண்ணால் காட்டுவது நல்லது. உங்கள் செக்கில் நூறு கிலோ எள்ளுக்கு நாற்பது கிலோ எண்ணெய் விழுகிறது என்று வைப்போம். 750 மில்லி எண்ணெயின் நிறை ஏறக்குறைய 690 கிராம். அப்படியென்றால் ஒரு போத்தலுக்கு ஒன்றே முக்கால் கிலோ எள்ளுக்குக் கிட்டப் போகிறது. அந்த எள்ளை நிறுத்து, ஒரு சுளகில் கொட்டி, பக்கத்தில் போத்தலை வையுங்கள். பார்க்கிறவர் எள்ளு விலையைத் தானே மனதுக்குள் பெருக்கிப் பார்த்துக்கொள்வார். "தரமானது", "பாரம்பரியமானது" என்ற சொற்களை எல்லாரும் சொல்கிறார்கள், ஆகவே அவை காதில் ஏறுவதில்லை. சுளகில் கிடக்கிற எள்ளு ஏறும். உங்கள் செக்கின் கணக்கு நாற்பது வீதம் இல்லாமல் வேறாக இருக்கலாம், அதனால் ஒரு ஆட்டு முடிய நிறுத்துப் பார்த்து உங்கள் இலக்கத்தையே சொல்லுங்கள்.

மண்டியை மறைக்க வேண்டாம். போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டி, செக்கு எண்ணெயில் அது இருக்கும், ஆடாமல் வைத்துவிட்டுத் தெளிவை வடித்துப் பாவியுங்கள் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அதே கேள்வி, போத்தல் போன பிறகு முறைப்பாடாக வரும்.

நான் உங்களுக்கு எழுதித் தரக்கூடிய ஸ்கிரிப்ட் இது. பேசுவது நீங்களோ உங்கள் கூட்டாளிகளில் ஒருவரோ. கமராவைப் பார்த்து, செக்கடியில் நின்று, கதைக்கிற மாதிரியே கதையுங்கள். செக்கை நிறுத்திவிட்டுக் கதையுங்கள், அதன் சத்தத்தில் வசனம் அமுங்கிப் போகும்.

முதல் 4 செக்கன். சுளகில் எள்ளு, பக்கத்தில் போத்தல். குரல்: "இந்த ஒரு போத்தலுக்கு இவ்வளவு எள்ளுப் போகுது. ஒண்டே முக்கால் கிலோ."

அடுத்த 8 செக்கன். செக்கிலிருந்து எண்ணெய் வடிகிறது, பிறகு முகம். "எங்கடை செக்கிலை நாங்களே ஆட்டுறம். வேறை எண்ணெய் ஒண்டும் சேர்க்கிறேல்லை. அதுதான் கடை விலையிலை தர ஏலாது."

அடுத்த 7 செக்கன். போத்தல் வெளிச்சத்தில். "அடியிலை மண்டி நிக்கும், அது செக்கெண்ணெயிலை இருக்கிறதுதான். ஆடாமல் வைச்சுத் தெளிவை வடியுங்கோ."

அடுத்த 7 செக்கன். மூடியை இறுக்கி, ரேப் சுற்றி, பெட்டியில் வைக்கிற கை. "மூடியை இப்பிடி இறுக்கித்தான் அனுப்புவம். ஒழுகி வந்தால் படம் எடுத்து அனுப்புங்கோ, வேறை போத்தல் தருவம்."

அடுத்த 6 செக்கன். திரையில் பெரிதாக விலை. "ஒரு போத்தல் ஆயிரத்து எண்ணூறு. கூரியர் காசு வேறை. சாமான் கையிலை கிடைச்ச பிறகு காசு குடுத்தால் காணும்."

கடைசி 8 செக்கன். போத்தலைக் கையில் பிடித்தபடி முகம், நம்பர் திரையில். "எத்தனை போத்தல் எண்டு வட்ஸ்அப்பிலை எழுதி விடுங்கோ, மிச்சத்தை நாங்கள் கேட்டு எடுக்கிறம்."

கூட்டினால் 40 செக்கன். வசனம் 70 சொல்லுக்குச் சற்றுக் குறைவு. நிதானமாகக் கதைத்தால் ஒரு செக்கனுக்கு ஒன்றரை, இரண்டு சொல்தான் வாயில் வரும். எள்ளைப் பார்க்கவும் விலையை வாசிக்கவும் மிச்ச நேரம் வேண்டும். எழுதி முடித்ததும் போனில் நேரம் வைத்து உரத்து வாசியுங்கள். 45 செக்கனைத் தாண்டினால் வேகமாக வாசிக்க முயல வேண்டாம், ஒரு வசனத்தை வெட்டுங்கள். ஒழுகினால் மாற்றித் தருவோம் என்பதையும் கையில் காசு என்பதையும் உங்களால் செய்ய முடிந்தால் மட்டும் சொல்லுங்கள். எல்லாக் கூரியரும் எல்லா இடத்துக்கும் காசு வாங்கித் தரமாட்டார்கள், முதலில் விசாரியுங்கள்.

விலை வசனத்தைத் தனித் துண்டாக எடுத்து வையுங்கள். எள்ளு விலை ஏறும்போது அந்த 6 செக்கனை மட்டும் திரும்ப எடுத்து ஒட்டலாம். முகத்தோடும் பின்னணிச் சத்தத்தோடும் நீளமாக எடுத்துவிட்டால் 100 ரூபா ஏறினாலும் முழுவதையும் எடுக்க வேண்டி வரும். பழைய விலையோடு சுற்றுகிற வீடியோவால் வருகிற சண்டை உங்களுக்குத் தேவையில்லை.

நீளம் பற்றிப் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். பிராண்ட் வீடியோ என்றால் நீளமாக, இதமாக இருக்க வேண்டும், விற்பனை வீடியோ என்றால் படக்கென்று முடிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் விற்பனை வீடியோ எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அத்தனை நீளம் போகலாம். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு "புது ஆட்டு வந்திருக்கு, விலை இது, நம்பர் இது" என்று 12 செக்கன் காணும். முதன்முதலாகக் கேள்விப்படுகிறவருக்கு மேலே உள்ள 40. இதே நீங்கள் ஒன்றரை இலட்சத்துக்குச் செக்கு விற்பவராக இருந்தால் மூன்று நிமிடமும் தப்பில்லை. வாங்க நினைக்கிறவர் இருந்து பார்ப்பார், வாங்காதவர் போனால் நட்டமில்லை. பிராண்ட் வீடியோவில் அப்படி விட முடியாது. பார்க்கிறவர் இன்று எதையும் வாங்க நினைக்கவில்லை, அதனால் அவர் உங்களுக்குத் தருகிற நேரம் மிகவும் கொஞ்சம். யூரியூப்பில் விளம்பரமாகப் போட்டால் 5 செக்கனில் தாண்டிப் போக அவருக்கு வழி இருக்கிறது. அங்கேயே தாண்ட முடியாத 6 செக்கன் விளம்பரம் என்றும் ஒரு வகை இருக்கிறது. பேஸ்புக் தன் கணக்கில் ThruPlay என்று எண்ணுவது 15 செக்கன் ஓடிய வீடியோவை, அல்லது அதற்குக் குறைந்ததை முழுதாகப் பார்த்ததை. ஆகவே 15 செக்கனுக்குள் அடக்குங்கள். அதைத் தாண்ட வேண்டிய தேவை உங்கள் எண்ணெய்க்கு இல்லை.

15 செக்கனில் ஒரு விடயம்தான் நிற்கும். எந்த விடயம் என்பதில்தான் உங்கள் வீடியோ பிழை விட்டது. நன்மைகள் என்று ஏழெட்டுச் சொன்னால் ஒன்றும் நிற்காது. அதைவிட, நோய் தீரும் என்கிற மாதிரி வசனம் உணவு விளம்பரத்தில் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேள்வி கேட்கிற இடத்துக்கும் போகலாம். ஞாபகத்தில் நிற்பது ஒரு வேளை, ஒரு தருணம். எங்கள் வீடுகளில் நல்லெண்ணெயை எப்போது தேடுவோம்? சனிக்கிழமை முழுக்குக்கு. பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியக் கறிக்கு. பெண் பிள்ளை பெரியவளானால் உழுத்தங்களிக்கு. இந்த மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். மூன்றையும் பிடிக்க வேண்டாம். நான் களியை எடுப்பேன். அந்த நாட்களில் "நல்ல எண்ணெய் எங்கை எடுக்கலாம்" என்று வீட்டுக்காரர் உண்மையாகவே விசாரிக்கிறார்கள், விலையையும் அவ்வளவு பார்ப்பதில்லை.

ஸ்கிரிப்ட் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அடுப்படியில் களி கிண்டுகிற அகப்பை. முதல் செக்கனிலேயே பக்கத்தில் சிவப்பு மூடிப் போத்தல், பெயர் கமராப் பக்கம். அம்மம்மா: "எண்ணெய் காணாது பிள்ளை, இன்னும் விடு." மகள் மூடியைத் திறந்து ஊற்றுகிறாள். எண்ணெய் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும், பாட்டு வேண்டாம். அம்மம்மா எட்டிப் பார்த்து: "இது ஆற்றை எண்ணெய்?" மகள் உங்கள் பெயரைச் சொல்கிறாள், பெயரை மட்டும். அம்மம்மா: "அப்ப விடு." கடைசி 3 செக்கன் போத்தலும் பெயரும், வேறொன்றும் இல்லை.

கவனித்தீர்களா, இங்கே விலை இல்லை, நம்பர் இல்லை, "இன்றே அழையுங்கள்" இல்லை. அவற்றைச் சேர்த்தால் என்ன நட்டம் என்று தம்பி கேட்பார். நட்டம் இதுதான்: நம்பர் வந்ததும் பார்க்கிறவர் "ஓ, விளம்பரம்" என்று நம்பரைப் பார்ப்பார் அல்லது விலகுவார். இரண்டிலும் கடைசி மூன்று செக்கன் பெயருக்குக் கிடைக்காமல் போகிறது. அதோடு விலையும் திகதியும் இல்லாத வீடியோவை இரண்டு மூன்று வருடம் திரும்பத் திரும்பப் போடலாம். ஞாபகம் நிற்பது திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான். ஒரே ஆளின் கண்ணில் ஒரு தடவை பட்டு நின்றுபோனால் அந்தக் காசு வீண். அதனால் நாடு முழுவதும் ஒரு நாள் ஓட விடுவதை விட, கிளிநொச்சி, வவுனியா என்று உங்கள் போத்தல் கடைகளில் இருக்கிற இடங்களுக்கு மட்டும் சில கிழமைகள் ஓட விடுங்கள். கடையில் போத்தலே இல்லாத ஊரில் பிராண்ட் வீடியோ ஓட்டுவது அடுத்தவருடைய எண்ணெயை விற்றுக் கொடுப்பதாக முடியும்.

ட்ரோன் காட்சி பற்றி ஒரு சொல். கிளிநொச்சியில் யார் வீடியோ எடுத்தாலும் இரணைமடுவுக்கு மேலே ஒருதரம் பறக்காமல் விடுகிறார்கள் இல்லை. குளத்தைக் கண்டதும் ஆட்கள் வான்கதவு திறந்துவிட்டார்களோ என்றுதான் நினைக்கிறார்கள். அந்தக் காட்சியால் ஞாபகத்தில் நிற்பது குளம், எண்ணெய் அல்ல. அழகான காட்சி எதுவானாலும் அதற்குள் உங்கள் போத்தல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது குளத்துக்கு விளம்பரம்.

இடம்பெயர்ந்த கதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது உங்கள் கதை, சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் விற்பனை வீடியோவில் அது வந்தால் வாங்குகிறவர் உதவி செய்கிற மனதோடு ஒரு போத்தல் வாங்குவார், உதவி முடிந்தது என்று நிற்பார். இரண்டாவது போத்தல் எண்ணெய்க்காகத்தான் வரும்.

இனி முடிவு. மற்றதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு இங்கே கோட்டை விடுகிறவர்கள் அதிகம்.

உங்கள் வீடியோவின் கடைசிக் காட்சியில் மூன்று நம்பர் போட்டிருக்கிறீர்கள். மூன்று நம்பரைக் கண்டால் எதற்கு எடுப்பது என்று ஆள் ஒரு கணம் யோசிப்பார், அந்த யோசனையில் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். விற்பனை வீடியோவுக்கு ஒரு நம்பர், ஒரு வேலை. பத்து இலக்கத்தையும் ஒட்டி எழுத வேண்டாம், மூன்று, மூன்று, நாலு என்று பிரித்து எழுதுங்கள். குறைந்தது 6 செக்கன் நிற்க வேண்டும். விலை வருகிற இடத்திலிருந்தே சின்னதாகத் திரையில் இருந்தால் இன்னும் நல்லது.

அது திரையில் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். வீடியோவை நெடுக்காக, 9:16 அளவில், 1080 × 1920 என்று எடுத்து ரீல்ஸில் போடுகிறபோது, திரையின் அடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பேஸ்புக் தன் எழுத்துக்கும் பட்டனுக்கும் எடுத்துக்கொள்கிறது. பலர் நம்பரை வழக்கப்படி அடியில் போடுவார்கள். எடிட் பண்ணுகிறபோது தெளிவாகத் தெரியும், போட்ட பிறகு பெயரும் பட்டனும் அதற்கு மேலே ஏறி நிற்கும். நம்பரையும் விலையையும் நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள். போட்ட உடனே வேறொருவருடைய போனில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்தையும் அப்போதே பாருங்கள், சில எடிட்டிங் அப்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும்.

அடுத்து, ஒரே விற்பனை வீடியோவுக்கு இரண்டு முடிவு எடுங்கள். காசு கட்டி விளம்பரமாக ஓடுகிறபோது அடியில் வட்ஸ்அப் பட்டன் இருக்கும், அப்போது "கீழை இருக்கிற பட்டனை அழுத்துங்கோ" என்று சொல்லலாம். அதே வீடியோவை யாரோ இறக்கி வட்ஸ்அப் குறூப்பில் போட்டால் பட்டன் அதோடு வராது. "கீழை அழுத்துங்கோ" என்கிற வசனம் அங்கே அந்தரத்தில் தொங்கும். எங்கள் ஊர்களில் வீடியோ அதிகம் போவது இந்த வழியால்தான். ஆகவே கைமாறிப் போகிறதுக்கு மேலே நான் எழுதின முடிவு, விளம்பரத்துக்குப் பட்டன் முடிவு.

அந்தப் பட்டனுக்கும் பதிவின் கீழே போடுகிற லிங்குக்கும் ஒரு குறி வைத்துவிடுங்கள். லிங்க் இப்படி இருக்கும்:

```
https://wa.me/9477XXXXXXX?text=N1
```

94 நாட்டுக் குறி, அதற்கு முன் கூட்டல் அடையாளமும் வேண்டாம், நம்பரின் முதல் 0 உம் வேண்டாம். கடைசியில் N1 என்பது நீங்கள் விரும்புகிற குறி. அழுத்துகிறவருடைய வட்ஸ்அப்பில் அது தானாக எழுதப்பட்டு நிற்கும், அவர் அனுப்பினால் போதும். பேஸ்புக்குக்கு N1, யூரியூப்புக்கு N2 என்று வைத்தால் எங்கேயிருந்து ஆள் வந்தார் என்று கேட்காமலே தெரியும். வட்ஸ்அப் பிஸ்னஸ் அப்பில் தானாகப் போகிற முதல் பதிலும் எழுதி வைக்கலாம்: எத்தனை போத்தல், எந்த ஊர், எந்த நம்பருக்கு எடுப்பது. மூன்று கேள்விக்கு மேலே கேட்க வேண்டாம்.

காசு கட்டி ஓட்டுகிறபோது இன்னொரு பிழை நடக்கும். விளம்பரம் போடுகிற இடத்தில் நோக்கம் என்ன என்று பேஸ்புக் கேட்கும். விற்பனை வீடியோவுக்கு Get more messages என்பது போல மெசேஜ் வரவைக்கிற நோக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். Awareness என்பதைத் தெரிவு செய்தால், மெசேஜ் அனுப்புகிற பழக்கம் உள்ளவர்களைத் தேடாமல், மலிவாகக் காட்டக்கூடிய நிறையப் பேருக்கு அது காட்டும். எண்ணிக்கை ஏறும், ஓடர் வராது. பிராண்ட் வீடியோவுக்கு அந்த Awareness தான் சரி. இடத்தை இலங்கை என்று மட்டுப்படுத்தவும் மறக்க வேண்டாம்.

எது வேலை செய்தது என்று அளக்கிற முறையும் இரண்டுக்கும் ஒன்றல்ல. விற்பனை வீடியோவுக்கு ஒரு கொப்பி காணும்: இன்று கட்டின காசு, N1 என்று வந்த மெசேஜ், அதில் ஓடர், அதில் காசு கிடைத்தது. 3,000 ரூபா கட்டி ஆறு போத்தல் போனால் ஒரு போத்தலுக்கு 500 ரூபா விளம்பரச் செலவு. உங்கள் இலாபம் போத்தலுக்கு அதைவிடக் குறைவென்றால் நிறுத்துங்கள். மெசேஜ் நிறைய வந்து ஓடர் வரவில்லை என்றால் பிழை வீடியோவில் இல்லை, பதில் அனுப்பப் பிந்துவதில் அல்லது கூரியர் காசில் இருக்கிறது. மெசேஜே வரவில்லை என்றால் முதல் 4 செக்கனை மாற்றிப் பாருங்கள். மிச்சத்தில் கை வைக்க வேண்டாம்.

பிராண்ட் வீடியோவை ஓடரால் அளக்கப் போனால் இரண்டாம் நாளே மனம் வெறுத்து நிறுத்திவிடுவீர்கள். அதற்கு வேறு சோதனை. காசு கட்டுவதற்கு முன், உங்களைத் தெரியாத ஐந்து பேருக்கு மற்ற வீடியோக்களின் நடுவே அதைக் காட்டுங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம். அடுத்த நாள் கேளுங்கள்: "நேற்றுக் களி கிண்டின வீடியோ பாத்தனீங்களே, அது ஆற்றை எண்ணெய்?" மூன்று பேராவது பெயரையோ சிவப்பு மூடியையோ சொன்னால் ஓட விடலாம். "அந்த அம்மம்மா நல்லாச் செய்தவ" என்று மட்டும் சொன்னால் அம்மம்மா போத்தலை மறைத்துவிட்டார், பெயர் வருகிற இடத்தைத் திரும்ப எடுங்கள். ஓட விட்ட பிறகு கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள், ஆட்கள் "நல்லெண்ணெய் இருக்கோ" என்று கேட்கிறார்களா, உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்களா, "சிவப்பு மூடி" என்கிறார்களா என்று.

செலவுக்கு வருவோம். இரண்டையும் ஒரே காலையில் எடுக்கலாம். முதலில் செக்கடி, வெயில் ஏறுவதற்கு முன்: எள்ளு, எண்ணெய் வடிவது, பொதி செய்வது, முகம், விலைத் துண்டு, இரண்டு முடிவு. பிறகு ஒரு வீட்டு அடுப்படி, களிக்காக. போனை நெடுக்காகப் பிடிக்க ஒரு ஸ்ராண்டும், சட்டையில் குத்துகிற ஒரு மைக்கும் இருந்தால் காணும். ட்ரோன் வாடகையை மைக்குக்குப் போடுங்கள். இரண்டு வீடியோவிலும் மூடியின் சிவப்பும் பெயரின் எழுத்தும் ஒன்றாகவே இருக்க வேண்டும். களி வீடியோவைப் பார்த்தவர் ஒருநாள் சுளகு எள்ளைக் காண்கிறபோது, தெரிந்த போத்தலைக் காண்கிற மாதிரி இருக்க வேண்டும்.

பழைய 2 நிமிடம் 40 செக்கனை அழிக்க வேண்டாம். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து அதைப் பார்த்துக் கலங்கினவருக்கு இங்கே ஒரு அம்மாவோ சித்தியோ இருப்பார். அந்தப் பதிவின் முதல் கருத்தாக இதை எழுதி மேலே குத்தி வையுங்கள்: "ஊரிலை இருக்கிற அம்மாவுக்கு ஒரு போத்தல் குடுத்துவிட வேணுமெண்டால் இதிலை எழுதுங்கோ." பக்கத்தில் N3 என்ற குறியோடு லிங்க். கேட்கிறவர் ரொறன்ரோவில் இருப்பார், பெட்டி முரசுமோட்டைக்கோ மாங்குளத்துக்கோ போகும். கூரியரே வேண்டாம், பஸ்ஸில் குடுத்துவிடலாம்.